இரண்டாவது தடவையில் தெரியும் உண்மை

விற்பனையாளரைத் தெரிவு செய்ய வாய்ச்சாலகம் போதுமா?

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பிழைப்புத் தேடும் பிள்ளைக்கு அது நல்ல அறிவுரைதான். ஆனால் அந்தப் பிள்ளையை வேலைக்கு அமர்த்த இருக்கும் முதலாளி அதனையே தமது அளவுகோலாகக் கொண்டுவிட்டால் என்ன நேரும்? உலகெங்கும் உள்ள சிறிய, பெரிய வர்த்தக நிறுவனங்கள் விற்பனையாளர்களைத் தெரிவு செய்யும்போது பெரும்பாலும் இந்த ஒரு பழமொழியைத்தான் தம்மை அறியாமலே பின்பற்றி வருகின்றன.

காட்சி நாம் எல்லோரும் அறிந்ததே. நேர்முகப் பரீட்சைக்கு ஒருவர் வருகிறார். கைகுலுக்கலில் உறுதி, முகத்தில் மலர்ச்சி, குரலில் தெளிவு. கேட்ட கேள்விக்கெல்லாம் தயக்கமின்றிப் பதில் சொல்கிறார். பத்தாவது நிமிடத்தில் முதலாளி மனத்துக்குள் முடிவெடுத்துவிடுகிறார். எஞ்சிய நேரம் அந்த முடிவுக்குச் சாட்சி தேடுவதிலேயே கழிகிறது. ஆறு மாதங்கள் சென்றபின் விற்பனைக் கணக்கைப் பார்த்தால் ஏமாற்றம். "இவ்வளவு நன்றாகப் பேசியவர் எப்படித் தோற்றுப்போனார்?" என்று முதலாளி வியக்கிறார்.

வியப்பதற்கு ஒன்றுமில்லை. நேர்முகத்தில் அவர் விற்ற பொருள் அவரேதான். அந்தப் பொருளை அவர் நன்கு அறிவார். அதனை ஒரே ஒரு மணித்தியாலம் மட்டுமே விற்க வேண்டியிருந்தது. வாங்க இருந்தவரோ ஆளைத் தேடி ஏற்கெனவே களைத்துப்போயிருந்தார். உண்மையான விற்பனை வேலை வேறு. அறியாத பொருளைக் கற்றுக்கொள்ள வேண்டும். பிறர் பேசுவதைப் பொறுமையுடன் கேட்க வேண்டும். ஒரு நாளில் பலமுறை "வேண்டாம்" என்ற சொல்லைக் கேட்டபின்னும் அடுத்த கதவைத் தட்ட வேண்டும். பேசியவற்றைக் குறித்துவைத்து, சொன்ன நாளில் மீண்டும் அழைக்க வேண்டும். வசீகரம் இவற்றில் எதனையும் செய்து தராது.

அவ்வாறாயின் எதனைப் பார்த்துத் தெரிவு செய்வது? இக்கேள்விக்கு ஒரு பொறியியலாளர் தேடிய விடை ஆராயத்தக்கது.

பொறியியலாளர் வகுத்த புள்ளித்தாள்

ஹப்ஸ்பொட் என்பது ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ் நகரில் 2006ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட நிறுவனம். சிறிய, நடுத்தர வர்த்தகங்கள் இணையத்தின் வழியே வாடிக்கையாளரைத் தேடிக்கொள்ள உதவும் மென்பொருளை அது விற்றது. 2007இல் அங்கு விற்பனைப் பகுதியைக் கட்டியெழுப்பும் பொறுப்பு மார்க் றோபேர்ஜ் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் விற்பனைத் துறையில் வளர்ந்தவரல்லர், பொறியியல் கற்றவர். விற்பனை முகாமையாளர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் "ஆளைப் பார்த்தவுடனே தெரிந்துகொள்வேன்" என்ற அனுபவம் அவரிடம் இருக்கவில்லை. அந்தக் குறையே அவருக்கு நன்மையாயிற்று. பார்த்தவுடன் தெரியாதபடியால், அளந்து பார்க்கத் தொடங்கினார்.

அவர் செய்தது எளிமையான காரியம். நல்ல விற்பனையாளருக்கு வேண்டியவை எனத் தாம் கருதிய பண்புகளை ஒரு தாளில் வரிசையாக எழுதினார். ஒவ்வொரு பண்புக்கும் அதன் பொருள் என்ன என்பதை வரையறுத்தார். நேர்முகத்துக்கு வந்த ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பண்பிலும் ஒன்று முதல் பத்து வரை புள்ளி இட்டார். வேலைக்கு எடுத்தவர்கள் சில மாதங்கள் பணியாற்றிய பின்னர், அவர்களுடைய விற்பனைக் கணக்கைப் பழைய புள்ளித்தாள்களுடன் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டார். எந்தப் பண்பில் கூடிய புள்ளி பெற்றவர்கள் மெய்யாகவே கூடுதலாக விற்றார்கள்? எந்தப் புள்ளிக்கும் விற்பனைக்கும் தொடர்பே இருக்கவில்லை?

விடை அவரையே வியக்கவைத்தது. எதிர்ப்பை மடக்கும் சாதுரியம், பேரத்தை முடித்துவைக்கும் ஆற்றல் என, விற்பனையாளரின் அடையாளம் என்றே உலகம் நம்பும் திறன்கள் வெற்றியுடன் எதிர்பார்த்த தொடர்பைக் காட்டவில்லை. தொடர்பைக் காட்டியவை வேறு ஐந்து: திருத்தத்தை ஏற்று மாறும் பண்பு, அறிந்துகொள்ளும் ஆவல், முன்னர் ஏதேனும் ஒரு துறையில் பெற்ற வெற்றி, கூர்ந்த அறிவு, உழைப்பு. இந்த அனுபவத்தை அவர் பின்னர் 2015இல் நூலாகவும் எழுதி வெளியிட்டார்.

காரணத்தை ஊகிப்பது கடினமன்று. மென்பொருள் வாங்க வரும் வர்த்தகர் விற்பனையாளரைச் சந்திக்கும் முன்னரே இணையத்தில் பலவற்றைப் படித்துவிட்டு வருகிறார். அவரை மடக்கிப் பிடிக்க முயல்பவரிடமிருந்து அவர் விலகிச் செல்கிறார். தமது தொழிலைப் பற்றிக் கேட்டறிந்து ஆலோசனை சொல்பவரிடமே அவர் நிற்கிறார். பொருளும் புதியது, சந்தையும் மாதந்தோறும் மாறுவது. ஆகவே, பழைய வித்தையைக் கைவிட்டுப் புதியதை விரைவில் கற்கக்கூடியவரே அங்கு நிலைத்து நின்றார்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். இந்த ஐந்து பண்புகளும் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானவை என்று றோபேர்ஜ் சொல்லவில்லை. பட்டியல் இடத்துக்கு இடம் மாறும்; பட்டியலைக் கண்டுபிடிக்கும் முறைதான் பொதுவானது என்பதே அவர் நிலைப்பாடு. ஆய்வாளர்களின் முடிவுகளும் இதற்கு அரண் செய்கின்றன. விற்பனையாளர் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து வின்ச்சூரும் அவரது சக ஆய்வாளர்களும் 1998இல் வெளியிட்ட கட்டுரை, பொது அறிவுத்திறன் மேலதிகாரிகள் வழங்கும் மதிப்பீட்டுடன் நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தபோதிலும், விற்ற தொகையுடன் ஏறத்தாழத் தொடர்பற்றிருந்ததைக் காட்டியது. கூர்மதியுடையவரைக் கண்டு அதிகாரி மகிழ்ந்தார். ஆனால் கல்லாப்பெட்டி மகிழவில்லை. சாதிக்க வேண்டும் என்ற உந்துதலோ விற்ற தொகையுடனும் தொடர்பு கொண்டிருந்தது.

கலகலப்பாகப் பழகுபவரே நன்றாக விற்பார் என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டுள்ளது. அடம் கிராண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் தொலைபேசி வழியே விற்கும் 340 பேரின் மூன்று மாத வருமானத்தை ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டார். மிகுந்த கலகலப்பு உடையவர்கள் முதலிடம் பெறவில்லை. மிகவும் ஒதுங்கிப் பழகுபவர்களும் பெறவில்லை. இரண்டுக்கும் இடைப்பட்டவர்களே மிகுதியாக விற்றிருந்தனர். பேசவும் தெரிந்து, பேச்சை நிறுத்திக் கேட்கவும் தெரிந்தவர்கள் அவர்கள்.

திருத்தம் ஏற்பதை எப்படி அளப்பது?

ஐந்து பண்புகளில் முதலாவதைப் பற்றியே இங்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மற்ற நான்கையும் ஓரளவு கேள்வி கேட்டும் சான்று பார்த்தும் அறிந்துகொள்ளலாம். திருத்தம் ஏற்கும் பண்பை அவ்வாறு அறிய முடியாது. "மற்றவர்கள் உமது பிழையைச் சுட்டிக்காட்டினால் ஏற்றுக்கொள்வீரா?" என்று கேட்டால் "ஏற்கமாட்டேன்" என்று சொல்பவர் உலகில் எவருமில்லை. எனவே அதனைக் கேட்கக்கூடாது. நிகழ்த்திப் பார்க்க வேண்டும்.

நிகழ்த்தும் முறை நான்கு படிகளைக் கொண்டது. முதலில், விண்ணப்பதாரர் விற்பவராகவும் நேர்முகம் காண்பவர் வாங்குபவராகவும் ஒரு பாவனை உரையாடலை நடத்துகின்றனர். அது முடிந்ததும், "எப்படிச் செய்தீர் என்று நினைக்கிறீர்? மீண்டும் செய்தால் எதை மாற்றுவீர்?" என்று வினவப்படுகிறது. மூன்றாவதாக, அவர் நன்றாகச் செய்த ஒன்றும், திருத்த வேண்டிய ஒன்றும் அவருக்குச் சொல்லப்படுகின்றன. நான்காவதாக, அதே உரையாடலின் ஒரு பகுதியை அவர் உடனே மீண்டும் செய்ய வேண்டும்.

புள்ளி முதல் தடவைக்கு அன்று. முதல் தடவைக்கும் இரண்டாவது தடவைக்கும் இடையிலுள்ள மாற்றத்துக்கே. முதல் தடவையில் தெரிவது அவர் இதுவரை கற்றது. இரண்டாவது தடவையில் தெரிவது இனிமேல் அவர் கற்கக்கூடியது. முதலாளி சம்பளம் கொடுக்கப்போவது பெரும்பாலும் இந்த இரண்டாவதற்கே.

ஓர் உதாரணம்

விளக்கத்துக்காக ஒரு சிறிய நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். வெதுப்பகங்கள், மளிகைக் கடைகள், உணவகங்கள் ஆகியவற்றின் குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுதுபார்ப்பது அதன் தொழில். பழுது வந்தபின் ஓடுவதைவிட, ஆண்டு முழுவதற்குமான பராமரிப்பு ஒப்பந்தங்களை விற்பது இலாபகரமானது என்று உரிமையாளர் கருதுகிறார். அதற்கு ஒரு விற்பனையாளர் தேவை. இறுதிச் சுற்றுக்கு இருவர் வந்துள்ளனர். ஒருவர் நாவன்மை மிக்கவர். பல ஆண்டுகள் வாகனம் விற்றவர். மற்றவர் அடங்கிய குரலுடையவர். களஞ்சியம் ஒன்றில் பொருட்கணக்குப் பார்த்தவர். விற்பனை அனுபவம் சிறிதே.

இருவருக்கும் முதல் நாளே ஒரே குறிப்பு அனுப்பப்படுகிறது. "நீர் சந்திக்கப்போவது ஒரு வெதுப்பக உரிமையாளரை. அவரிடம் இரண்டு பெரிய குளிர்சாதனப் பெட்டிகள் உள்ளன. சென்ற கோடையில் ஒன்று பழுதடைந்தது. தெரிந்த ஒருவர் மலிவாகத் திருத்திக் கொடுக்கிறார். உமக்குப் பன்னிரண்டு நிமிடம் தரப்படும்." இதற்குமேல் ஒன்றுமில்லை. உரிமையாளர் தமது கையில் வைத்திருக்கும் குறிப்பிலோ இன்னும் ஒரு செய்தி உண்டு: அந்தப் பழுது சனிக்கிழமை இரவு நேர்ந்தது, தெரிந்தவர் திங்கட்கிழமைதான் வந்தார், ஞாயிற்றுக்கிழமைக்கான கேக்குகள் முழுவதும் குப்பைக்குப் போயின. இது கேட்டால் மட்டுமே சொல்லப்படும்.

நாவன்மை மிக்கவர் வந்தமர்ந்தார். பன்னிரண்டு நிமிடங்களில் ஒன்பது நிமிடம் அவரே பேசினார். நிறுவனத்தின் சிறப்பு, தொழில்நுட்பவியலாளரின் தகைமை, ஒப்பந்தத்தின் பயன் யாவும் அழகாக வந்தன. "தெரிந்தவர் மலிவாகச் செய்கிறாரே" என்றபோது, கேட்கப்படாமலே பத்து வீதக் கழிவு தர முன்வந்தார். சென்ற கோடையில் என்ன நடந்தது என்று அவர் கேட்கவே இல்லை. கெட்டுப்போன கேக்குகள் கடைசிவரை உரிமையாளரின் குறிப்பிலேயே கிடந்தன.

அடங்கிய குரலுடையவர் தடுமாற்றத்துடன் தொடங்கினார். ஆயினும் மூன்றாவது கேள்வியே "பழுதடைந்தது எந்த நாள்? அன்று என்ன செய்தீர்கள்?" என்பதாக அமைந்தது. சனிக்கிழமைக் கதை வெளியே வந்தது. ஆனால் அதனை அவர் பயன்படுத்தத் தெரியாமல் விட்டுவிட்டார். விலையைக் கேட்டபோது திணறினார். அடுத்த சந்திப்புக்கு நாள் குறிக்காமலே எழுந்துவிட்டார். இதுவரை பார்த்தால், பெரும்பாலான முதலாளிகள் முதலாமவரையே தெரிவு செய்திருப்பார்கள்.

இப்போது இரண்டாவது படி. "எப்படிச் செய்தீர்?" என்ற கேள்விக்கு முதலாமவர், "நன்றாகவே போனது. உண்மையான வாடிக்கையாளராக இருந்திருந்தால் கையொப்பமிட்டிருப்பார்" என்றார். மற்றவர், "விலை கேட்டபோது தயாராக இருக்கவில்லை. அடுத்த நாளைக் குறிக்கவும் மறந்துவிட்டேன்" என்றார். தம் பிழையைத் தாமே காண்பவருக்குப் பயிற்சி பாதி முடிந்தது போலத்தான்.

மூன்றாவது படியில் உரிமையாளர் இருவருக்கும் ஒரே ஒரு திருத்தத்தை மட்டும் சொன்னார். ஒரே நேரத்தில் ஐந்து திருத்தம் சொன்னால் யாராலும் செய்ய முடியாது; சோதனை பயனற்றுப்போகும். முதலாமவருக்குச் சொன்னது: "கழிவு தருவதற்கு முன், பழுதினால் அவருக்கு எவ்வளவு நட்டம் வந்தது என்று கேளும்." மற்றவருக்குச் சொன்னது: "அவர் சொன்ன நட்டத்தை ஒப்பந்தத்தின் விலையோடு ஒப்பிட்டுக் காட்டும்."

முதலாமவர் தலையசைத்தார், புன்னகை செய்தார், "மிக நல்ல ஆலோசனை, நன்றி" என்றார். பின் மீண்டும் தொடங்கியபோது, அதே அழகான பேச்சு. அதே பத்து வீதக் கழிவு. மற்றவர் சற்றுச் சிந்தித்து, "அந்த ஞாயிற்றுக்கிழமை விற்க முடியாமல் போனது எவ்வளவு?" என்று கேட்டார். பதிலைத் தாளில் எழுதினார். அதன் பக்கத்தில் ஒப்பந்தத் தொகையை எழுதி, தாளை மேசையின் மறுபக்கத்துக்குத் திருப்பிவைத்தார். சொற்கள் இன்னும் தடுமாறின. ஆனால் சொன்னது செய்யப்பட்டிருந்தது. சொல்லாத ஒன்றும், அதாவது தாளைத் திருப்பி வைத்தது, கூடவே சேர்ந்திருந்தது.

உரிமையாளரின் புள்ளித்தாளில் திருத்தம் ஏற்றலுக்கும் அறியும் ஆவலுக்கும் மும்மூன்று மடங்கு நிறை. உழைப்புக்கு இரண்டு மடங்கு. முன்னைய வெற்றிக்கும் கூர்மதிக்கும் ஒவ்வொரு மடங்கு. இந்த நிறைகள் நேர்முகத்துக்கு முன்னரே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆளைப் பார்த்தபின் மாற்றப்படலாகாது. முதலாமவர் பெற்றவை முறையே 3, 4, 5, 8, 7; நிறையோடு கூட்டினால் நூற்றுக்கு 46. மற்றவர் பெற்றவை 8, 8, 7, 5, 6; கூட்டினால் 73. தாள் இல்லாவிட்டால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்திராது.

அரைநாட் பணி

பாவனை உரையாடல் ஒருவர் மேசையில் எவ்வாறு இருப்பார் என்பதைக் காட்டும். மேசைக்கு வெளியே, எவரும் பார்க்காதபோது எவ்வாறு உழைப்பார் என்பதைக் காட்டாது. அதற்காகவே சிறிய பரீட்சார்த்தப் பணி.

மேற்சொன்ன நிறுவனத்தில் அது இவ்வாறு அமையலாம். பத்துக் கடைகளின் பெயரும், ஒவ்வொன்றையும் பற்றிய இரண்டு வரிக் குறிப்பும் கொடுக்கப்படும். முதலில் எந்த மூன்று கடைகளை அணுகுவீர், ஏன் என்று எழுத வேண்டும். அவற்றுள் ஒன்றுக்கு அரைப்பக்கக் கடிதம் எழுத வேண்டும். பின்னர் உரிமையாளருடன் ஐந்து நிமிடத் தொலைபேசி உரையாடல் நடத்தி, அதில் அறிந்தவற்றை மற்றொருவர் படித்துப் பணியைத் தொடரக்கூடிய விதத்தில் குறித்துத் தர வேண்டும். மொத்தம் மூன்று மணித்தியாலத்துக்கு மேற்படாத வேலை.

இதில் பார்க்க வேண்டியது மொழியழகை அன்று. மூன்று கடைகளைத் தெரிந்ததற்குக் காரணம் உண்டா, அல்லது பட்டியலின் முதல் மூன்றா? கடிதம் கடைக்காரரின் தேவையில் தொடங்குகிறதா, அல்லது நிறுவனத்தின் புகழில் தொடங்குகிறதா? குறிப்பில் அடுத்த அழைப்புக்குரிய நாள் உண்டா? முன்னர் பாவனை உரையாடலில் சொல்லப்பட்ட திருத்தம் இங்கும் வந்திருக்கிறதா? கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. அரை மணித்தியாலம் நினைவில் நின்ற திருத்தம் வேறு. இரண்டு நாள் கழித்து வேறொரு வேலையில் வெளிப்படும் திருத்தம் வேறு.

இப்பணிக்குக் கூலி கொடுக்கப்பட வேண்டும். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று நேர்மை. உண்மையான வாடிக்கையாளரிடம் சென்று ஒரு வாரம் விற்று வா, பிறகு பார்ப்போம் என்பது சோதனையன்று. இலவச உழைப்பைப் பெறும் தந்திரம். மற்றது, கூலியில்லாத சோதனை வசதியுள்ளவரை மட்டுமே மிஞ்சவைக்கும். இரவு வேலை செய்பவரும் கைக்குழந்தை வைத்திருப்பவரும் விலகிப்போவார்கள். முதலாளி அதனை அவர்களது ஊக்கக்குறைவு எனத் தவறாக எண்ணுவார். வேலை அனுமதியில்லாத ஒருவருக்குக் கூலிகொடுத்த சோதனையும் சட்டச் சிக்கலை உண்டாக்கலாம். ஆகவே அனுமதி பற்றிய கேள்வி முதலிலேயே தீர்க்கப்பட வேண்டும்.

முறை எங்கே தவறும்?

இம்முறை மந்திரக்கோல் அன்று. அது பிழைக்கும் இடங்களை அறிந்திருப்பவரே அதனைப் பயன்படுத்தலாம்.

முதலாவது பிழை, திருத்தம் ஏற்பதையும் பணிவையும் ஒன்றாகக் கருதுவது. தலையாட்டுபவர் எல்லோரும் மாறுபவர்கள் அல்லர். சில வேளைகளில் "அது இந்த வாடிக்கையாளரிடம் பலிக்காது என்று நினைக்கிறேன், ஆனால் செய்து பார்க்கிறேன்" என்று மறுத்துப் பேசிவிட்டு, பின் செவ்வனே செய்து காட்டுபவரே சிறந்த மாணவர். புள்ளி இடும்போது முகத்தைப் பார்க்காமல் செயலைப் பார்ப்பது இதற்காகவே.

இரண்டாவது பிழை, எல்லோருக்கும் ஏழு, எட்டு என்று இடுவது. தாளில் எல்லாப் புள்ளிகளும் ஒன்றுபோல இருந்தால், அளவுகோல் அளக்கவில்லை என்பது பொருள். மூன்று என்றால் என்ன, எட்டு என்றால் என்ன என்பதை ஒவ்வொரு வரியில் முன்னரே எழுதிவைத்தால் இது குறையும். இருவர் தனித்தனியே புள்ளி இட்டு, பின்னர் மட்டும் ஒப்பிட வேண்டும். ஒருவர் வாய்விட்டுச் சொன்னபின் மற்றவர் இடும் புள்ளி எதிரொலியேயாகும்.

மூன்றாவது, சிறிய எண்ணிக்கையின் மயக்கம். நான்கு பேரை வேலைக்கு எடுத்தவர் ஓர் ஆண்டின் முடிவில் புள்ளியையும் விற்பனையையும் ஒப்பிட்டு விதி வகுக்க முடியாது. ஒருவருக்கு நல்ல தெரு கிடைத்திருக்கும். மற்றவருக்குக் கடைகள் மூடப்பட்டுவரும் தெரு. அதற்கும் மேலாக, வேலைக்கு எடுக்காமல் விட்டவர்கள் எவ்வளவு விற்றிருப்பார்கள் என்பது எந்தத் தாளிலும் இல்லை. ஆகவே சிறிய நிறுவனத்துக்குத் தாள் முதலில் தருவது விதியையன்று, நினைவாற்றலை. "இவரை ஏன் எடுத்தேன்?" என்ற கேள்விக்கு ஆறு மாதத்தின் பின் நேர்மையான பதில் அதில் இருக்கும். தாளைத் தொடர்ந்து பேணினால், எந்த நிறையைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பது காலப்போக்கில் தெளியும்.

மேசையின் இரு பக்கத்திலும் நாம்

இந்த விடயம் நமக்குத் தொலைவானதன்று. புலம்பெயர்ந்த நாடுகளில் நம்மவர் மேசையின் இரு பக்கங்களிலும் அமர்கின்றனர்.

வேலை தேடுவோர் பக்கத்தில், வசீகரத்தை நம்பும் நேர்முகம் நமக்கு எப்போதும் பாதகமானது. வசீகரம் என்பது பெரும்பாலும் அந்த நாட்டு மொழியின் ஓட்டமும், அந்த நாட்டு நகைச்சுவையும், அவர்களது கைகுலுக்கலும்தான். உச்சரிப்பில் தாய்மொழி ஒலிக்கும் ஒருவர் பத்து நிமிடத்தில் தோற்றுவிடுகிறார். இரண்டாவது தடவையைக் கணக்கில் எடுக்கும் நேர்முகத்தில் அவருக்கு ஒரு கதவு திறக்கிறது. ஆனால் அங்கேயும் நமது வளர்ப்பு நம்மைத் தடுக்கலாம். பெரியவர் பிழை சொன்னால் மௌனமாகக் கேட்டுக்கொள்வது நமக்கு மரியாதை. பிழையைத் தாமே சொல்வது பலவீனம் என்று பள்ளிக்கூடப் பிரம்பு நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. அந்த மேசையிலோ மௌனம் அக்கறையின்மையாகத் தோன்றும். "எப்படிச் செய்தீர்?" என்று கேட்டால், நன்றாகச் செய்த ஒன்றையும் தவறிய ஒன்றையும் குறிப்பாகச் சொல்லலாம். திருத்தம் சொன்னால் விளங்காததைத் திருப்பிக் கேட்கலாம். மீண்டும் செய்யும்போது அந்த ஒரு திருத்தத்தை, அழகாக இல்லாவிடினும், கண்ணுக்குத் தெரியும்படி செய்ய வேண்டும். அவர்களாக இரண்டாவது தடவை தராவிட்டால், "அதை ஒருமுறை மீண்டும் செய்து பார்க்கலாமா?" என்று நாமே கேட்பதில் தவறில்லை.

முதலாளிகளின் பக்கத்தில், நம்மவர் கடைகளுக்கும் முகவர் நிலையங்களுக்கும் ஆள் சேரும் வழி வேறு. வாய்ச்சாலகம் அங்கு இரண்டாவது இடத்தில்தான் நிற்கிறது. முதலிடம் "எங்கட ஊர்ப் பிள்ளை" என்ற சிபாரிசுக்கு. உறவின் கடமையை எவரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆயினும் பொருந்தாத வேலையில் அமர்த்தப்பட்ட உறவினர் ஓர் ஆண்டின் பின் வெளியேறும்போது, வேலை மட்டுமன்றி உறவும் முறிகிறது. பன்னிரண்டு நிமிட உரையாடலும் ஒரு திருத்தமும் இரண்டாவது தடவையும் அந்தத் துயரத்தை முன்கூட்டியே காட்டிவிடக்கூடும். சிபாரிசோடு வந்த பிள்ளைக்கும், சிபாரிசில்லாமல் வந்த பிள்ளைக்கும் அதே குறிப்பு, அதே நேரம், அதே தாள்.

வாயுள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளட்டும். ஆளைத் தேடும் முதலாளி மட்டும், வாயை முதல் தடவை கேட்டுவிட்டு எழுந்துவிடாமல், ஒரு திருத்தத்தைச் சொல்லி, இன்னும் ஐந்து நிமிடம் அமர்ந்திருக்கட்டும்.